‘பையன் எடுத்துத் தருவான்’ என்றால் யார், எப்போது?

ஒரு மருந்துக்கடை புதிதாக பில்லிங் மென்பொருள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை முதல் அதில்தான் பில் போட வேண்டும். அதற்கு முன், மென்பொருள் நிறுவனத்து ஊழியர் கடைக்காரரிடம் போனில் விவரம் கேட்கிறார். “ஸ்டாக் எல்லாம் பழைய கம்ப்யூட்டர்ல இருக்கு சார், நம்ம பையன் எடுத்துத் தருவான்” என்கிறார் கடைக்காரர். ஊழியர் ‘ஸ்டாக் வரும்’ என்று குறித்துக்கொள்கிறார். அந்தக் குறிப்பை வைத்து யாராலும் எந்த வேலையும் செய்ய முடியாது.

பேச்சு முடிந்ததும் குறிப்புகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பில்லின் தலைப்பை அமைப்பது, பிரிண்டரை இணைத்துச் சோதிப்பது போன்றவை நிறுவனத்தின் வேலைகள். மற்றொரு பட்டியல், கடைக்காரர் தர வேண்டியவை. அதில் ஒவ்வொரு வரியிலும் என்ன வேண்டும், எந்த வடிவில், யார் தருவார், எப்போது என்ற நான்கும் இருக்க வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும் அது இன்னும் கேள்விதான். கடைக்காரரிடம் மறுபடி கேட்க வேண்டுமே தவிர, ஊகித்து நிரப்பக் கூடாது.

ஜிஎஸ்டி எண்ணைப் போனில் சொல்லிவிட்டார் என்பதற்காக அந்த வரியை அடித்துவிடக் கூடாது. எண்ணும் எழுத்துமாக 15 இடங்கள் கொண்டது அது. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். மற்றதில் ‘பி’யும் ‘டி’யும் காதில் ஒன்றுபோலவே விழும். பதிவுச் சான்றிதழின் படம் வந்து, அதைப் பார்த்து ஏற்றிய பிறகே அந்த வரி முடிந்ததாகும்.

இருப்புப் பட்டியலுக்கு ஒரு வரி போதாது. வியாழனன்று எடுத்த பட்டியலை அப்படியே ஏற்றினால், வெள்ளி முதல் ஞாயிறு வரை விற்ற மாத்திரைகளும் கணக்கில் இருப்பாக நிற்கும். திங்கள் காலை கணினி பத்து அட்டை என்று காட்டும். அலமாரியில் நான்குதான் இருக்கும். ஆகவே இதை இரண்டு வரியாக எழுத வேண்டும்:

- வியாழன் மாலைக்குள்: மாதிரிக்கு 20 மருந்துகள், எக்செல் கோப்பாக. மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, எம்ஆர்பி, வரி விகிதம், இருப்பு. தருபவர்: கணினி பார்க்கும் பையன், பெயருடன்.
- ஞாயிறு இரவு கடை அடைத்ததும்: முழுப் பட்டியல், அதே வடிவில், அவரே.

மாதிரி கையில் இருந்தால் கோளாறு முன்பே தெரிந்துவிடும். இருப்பு அட்டைக் கணக்கா மாத்திரைக் கணக்கா என்று பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய கோப்பில் இன்னும் 12 இருந்தால் அதையும் அப்போதே திருத்திவிடலாம்.

கடைசியாக, எது வராவிட்டால் கடையில் பில் போட முடியாது என்று குறிக்க வேண்டும். மருத்துவர்கள் பெயர்ப் பட்டியல் ஒரு வாரம் கழித்து வந்தாலும் பாதகமில்லை. இருப்புப் பட்டியல் ஞாயிறு இரவு வரவில்லை என்றால் தொடக்க நாளைத் தள்ளிவைக்க வேண்டும். இதைக் கடைக்காரரிடம் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி, சரி என்ற பதிலையும் வாங்கிவிட வேண்டும்.