ஆண்டுக்கொரு முறை சமன்செய்தல்

பங்கு ஃபண்டில் 6 லட்சம், கடன் ஃபண்டில் 4 லட்சம் ரூபாய் எனத் தொடங்கும் முதலீட்டில், ஓராண்டில் பங்கு 40 சதவீதமும் கடன் 7 சதவீதமும் உயர்ந்தால் பங்கின் விகிதம் 66 ஆகிவிடும். சுமார் 79,000 ரூபாய்ப் பங்கு ஃபண்டை விற்றுக் கடனில் போட்டால் பழைய 60:40 திரும்பும். நோக்கம் கூடுதல் லாபமல்ல. சந்தை சரிந்தால் அடி அளவோடு இருப்பதே.

பங்கு 25 சதவீதமே உயர்ந்திருந்தால் விகிதம் ஏறக்குறைய 64தான். 5 புள்ளிக்குள் அடங்கும் இத்தகைய விலகலைத் தொடாமல் விடலாம். ஓராண்டு நிறையாத பங்கு யூனிட்டுகளை விற்றால் இந்தியாவில் லாபத்துக்கு 20 சதவீத வரி உண்டு. பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் சேரும். மாதத் தவணை கட்டுபவர்கள் விற்கவே வேண்டாம்: சில மாதத் தவணைகளைக் கடன் ஃபண்டுக்குத் திருப்பினாலே போதும்.