மதியம் வடிச்ச சாதம், ராத்திரி ஃப்ரைட் ரைஸ்: கொதிக்க வைத்தும் போகாத நஞ்சு

இந்த வாரக் கேள்வி ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாய்ஸ் நோட்டா வந்தது. ரூம்ல ரெண்டு பேர். மதியம் ஒரு மணிக்கு வடிச்ச சாதம் அடுப்பு மேடையிலேயே இருந்திருக்கு. ராத்திரி பத்து மணிக்கு முட்டை, வெங்காயம் போட்டு, புகை கிளம்புற அளவுக்கு வறுத்துச் சாப்பிட்டிருக்காங்க. ரெண்டு மணி நேரத்துல ரெண்டு பேருக்கும் வாந்தி. "அவ்வளவு சூட்டுல எந்தக் கிருமிங்க உயிரோட இருக்கும்?" என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் எதுவும் உயிரோட இருந்திருக்காது. ஆனா அந்தக் கிருமி சாகறதுக்கு முன்னாடியே தன் வேலையை முடிச்சிருக்கும்.

சாதத்துல இதைச் செய்யறதா முதல்ல சந்தேகப்பட வேண்டியது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. மண்ணுல வாழுறது. நெல்லோட வயல்லேர்ந்து வந்து, அரிசியில வித்து வடிவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். வித்துன்னா பாக்டீரியா தன்னைச் சுத்தி ஓடு கட்டிக்கிட்டுத் தூங்குற நிலை. சாதம் கொதிக்கும்போது மத்த கிருமிகள் சாகும், இந்த வித்துகள்ல பல தப்பிச்சிடும். சொல்லப்போனா கொதிக்கிற சூடு அவற்றை எழுப்பியே விடுது. சாதம் ஆறி வெதுவெதுப்புக்கு வரும்போது ஈரம் இருக்கு, மாவுச்சத்து இருக்கு, போட்டிக்கு வேற கிருமி இல்ல. முளைச்சுப் பெருக ஆரம்பிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிற்பகல் மூணு மணிக்கு ஒரு கிராம் சாதத்துல நூறு பாக்டீரியான்னு வச்சுக்குவோம். திருச்சி மே மாசச் சமையலறைச் சூட்டுல அரை மணிக்கு ஒரு தடவை இரட்டிக்குதுன்னா, ராத்திரி எட்டு மணிக்குள்ள பத்து இரட்டிப்பு. நூறு, ஒரு லட்சத்தைத் தாண்டிடும். ஆபத்தான அளவுக்கு நஞ்சு சேர்ற கட்டம் ஏறக்குறைய இங்கதான் ஆரம்பிக்குது. பத்து மணிக்குள்ள இன்னும் நாலு இரட்டிப்பு பாக்கி இருக்கு. இவ்வளவு பெருகியும் சாதத்துல கெட்ட வாடை வராம இருக்கலாம், பிசுபிசுப்பு தெரியாம இருக்கலாம். மோந்து பார்த்து முடிவு பண்றது இங்க உதவாது.

இந்தப் பாக்டீரியாவின் சில வகைகள் சாதத்துக்குள்ள விடுற நஞ்சோட பேர் செரியுலைட். சூடு இதை ஏன் அழிக்க மாட்டேங்குதுன்னு புரிய, சூடு வழக்கமா என்ன பண்ணுதுன்னு பார்க்கணும். புரதம்ங்கறது ஒரு நீளமான நூல், குறிப்பிட்ட விதத்துல மடிஞ்சு கிடக்கும். அந்த மடிப்புலதான் அதோட வேலையே இருக்கு. சூடு பண்ணினா மடிப்பு கலையும். முட்டை வெந்ததும் வெள்ளைக்கரு கெட்டியாகறது அப்படித்தான். பாக்டீரியா சாகறதுக்கும் இது ஒரு முக்கியக் காரணம். சில நஞ்சுகளும் இப்படிக் கலைஞ்சிடும். இதே பேசில்லஸ் சீரியஸ் வயிற்றுப்போக்கு உண்டாக்குற இன்னொரு நஞ்சும் செய்யுது, அது நல்லா சூடு பண்ணினாலே போயிடும். பொட்டுலினம்னு பயங்கரமா பேர் வாங்கின நஞ்சுகூட கொதிக்க வச்சா அழியும்.

செரியுலைட் அந்த ரகம் இல்ல. பன்னிரண்டே கண்ணி கொண்ட குட்டி வளையம் அது, ரெண்டு முனையும் சேர்ந்து மூடியிருக்கும். மடிச்ச வேட்டியை உதறிக் கலைக்கலாம், வளையலை உதறி என்ன கலைப்பீங்க? அதை உடைக்கணும்னா கண்ணிகளுக்கு நடுவே இருக்கிற பிணைப்பையே அறுக்கணும். அதுக்கு அடுப்புச் சூடு பத்தாது. 121 டிகிரியில, அதாவது ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சுத்தம் பண்ற ஆட்டோகிளேவ் சூட்டுல, ஒன்றரை மணி நேரம் வச்சும் செரியுலைட் தாக்குப்பிடிச்சதா சோதனைகள் காட்டியிருக்கு. நம்ம குக்கர் சுமார் அதே சூட்டைத்தான் தொடும், அதுவும் சில நிமிஷம். வயித்து அமிலமும் செரிமான நொதிகளும்கூட அதை வெட்ட முடியாது. முழுசா உள்ளே போய், வயித்துலேர்ந்து மூளைக்குப் போற நரம்பைத் தூண்டி வாந்தியை வரவழைக்கும்.

இதே தந்திரத்தை வேற விதமா செய்யறது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். இது நம்ம மூக்குலயும் கைப்புண்ணுலயும் இருக்கிற பாக்டீரியா. இதோட நஞ்சு புரதம்தான், ஆனா ரொம்ப இறுக்கமா முறுக்கின புரதம். கொதிக்க வச்சாலும் கணிசமா மிஞ்சும். இதுக்குப் பெரிய சாட்சி ஜப்பான்ல இருக்கு. 2000 மார்ச் 31 அன்னைக்கு ஹொக்கைடோ தீவுல, ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் தைகி ஆலையில சுமார் மூணு மணி நேரம் கரண்ட் போச்சு. வழியில நின்னுபோன பால் வெதுவெதுப்பா கிடந்தது. அதுல பாக்டீரியா பெருகி நஞ்சு விட்டது. அப்புறம் அந்தப் பாலைச் சூடுபடுத்திப் பவுடராக்கினாங்க. கிருமி செத்தது, நஞ்சு பவுடருக்குள்ள தங்கிடுச்சு. கோடையில அந்தப் பவுடரைக் கலந்து ஒசாகாவுல தயாரான பாலைக் குடிச்சு 13,000 பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. உயிருள்ள கிருமியை மட்டும் தேடுற பரிசோதனைக்கு இந்த மாதிரி பவுடர் சுத்தமானதாத்தான் தெரியும்.

அப்போ நம்ம ஊர் கட்டுச்சாதம்? ஸ்ரீரங்கம் யாத்திரைன்னா கூடவே வர்ற புளியோதரையில ஒரு நியாயம் இருக்கு. புளிப்பு நல்லா ஏறின இடத்துல பேசில்லஸ் சீரியஸ் வளரத் திணறும். ராத்திரியே தண்ணி ஊத்தி வைக்கிற பழைய சோத்துலயும் லாக்டிக் அமிலப் பாக்டீரியா புளிப்பேத்தி இடத்தைப் பிடிச்சுக்கும். ஆனா புளிப்பு வளர்ச்சியைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே உருவான செரியுலைட்டை ஒண்ணும் செய்யாது. ஆறு மணி நேரம் வெளியில கிடந்த சாதத்துல புளிக்காய்ச்சலைக் கலந்தா அது ஆறு மணி நேரப் பழைய சாதம்தான். பயணத்துக்குப் புளிக்கக்கூடாதுன்னு பால் நிறைய ஊத்தி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுப் பிசையறோம் இல்லையா, அதுல அமிலம் மெதுவாத்தான் ஏறும். முதல் சில மணி நேரத்துக்கு அந்தக் காவல் பலவீனம்.

அதனால தடுக்க முடியற இடம் ஒண்ணே ஒண்ணு: வடிச்சதுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே இருக்கிற நேரம். ரெண்டு மணி நேரம்ங்கறது பொதுவா சொல்ற எல்லை, 32 டிகிரியைத் தாண்டின வெயில்ல ஒரு மணி நேரம். நம்ம ஊர்ல வருஷத்துல பாதி நாள் ரெண்டாவதுதான் பொருந்தும். பானையோட ஃப்ரிட்ஜுல தூக்கி வைக்காதீங்க, நடுச்சாதம் மணிக்கணக்கா வெதுவெதுப்பா இருக்கும். அகலத் தட்டுல பரப்பி ஆற வச்சு, சின்னச் சின்ன டப்பாவுல மாத்துங்க. ரைஸ் குக்கர் 'வார்ம்'ல 60 டிகிரிக்கு மேல இருந்தா சரி. நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது கரண்ட் போய் வந்திருந்தா, சாயங்காலம் சூடா இருக்கிறதை மட்டும் நம்பாதீங்க.

வாந்தி வந்துட்டா? சாப்பிட்ட அரை மணியிலேர்ந்து ஆறு மணி நேரத்துக்குள்ள, பெருசா காய்ச்சல் இல்லாம வந்தா இந்த நஞ்சுகளைச் சந்தேகப்படலாம். உள்ளே கிருமி வளர்ந்து வர்ற நோய் இல்லங்கறதால ஆன்டிபயாடிக் இதுக்கு வேலை செய்யாது. ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாள்ல சரியாகிடும். அபூர்வமா செரியுலைட் கல்லீரலைத் தாக்கும். 2008-ல பிரஸ்ஸல்ஸ்ல 20 வயசு மாணவர் ஒருத்தர், அஞ்சு நாள் வெளியில இருந்த ஸ்பகெட்டியைச் சூடு பண்ணிச் சாப்பிட்டு, அன்னைக்கு ராத்திரியே இறந்துபோனார். அதனால வாந்தி நிக்கவே இல்ல, அசாதாரணத் தூக்கம், குழப்பமான பேச்சு, கண்ல மஞ்சள், அல்லது பாதிக்கப்பட்டது சின்னக் குழந்தைன்னா உடனே ஆஸ்பத்திரி. அங்க டாக்டர்கிட்ட என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்றதோட, அது எத்தனை மணிக்கு வடிச்சது, எத்தனை மணி நேரம் எங்க இருந்தது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல முதல் வாந்தி வந்ததுன்னும் சொல்லுங்க.