12.45 என்றால் எத்தனை ரூபாய்?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 83 வீடுகள். வெளிப்பூச்சு, தண்ணீர்க் குழாய், இரண்டு லிஃப்ட் எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பிக்க மதிப்பீடு வாங்கி, பொதுக்குழுவில் புரொஜக்டர் வைத்துக் காட்டினார்கள். அட்டவணையின் கடைசி வரியில் 12,450,000 என்று இருந்தது. பக்கத்திலிருந்த பார் சார்ட்டில் உயரமான பட்டையின் தலையில் வெறும் 12.45. கோடியா, லட்சமா என்று அதில் எங்கும் எழுதவில்லை. பத்து நிமிடத்தில் கை தூக்கித் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

மறுவாரம் வீடு வீடாகக் கேட்புக் கடிதம் வந்தது: வீட்டுக்கு ரூ.1,50,000. மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "பன்னிரண்டரை லட்சம்னுதானே சார் காட்டினாங்க? வீட்டுக்குப் பதினஞ்சாயிரம்னு மனசுல கணக்குப் போட்டுக் கை தூக்கினேன்" என்றார். அவர் கணக்கில் பிழை இல்லை. 12.45 என்று மட்டும் எழுதினால் நம் ஊரில் யாரும் 12.45 லட்சம் என்றுதான் படிப்பார்கள். அது உண்மையில் 12.45 மில்லியன், அதாவது 1 கோடியே 24 லட்சத்து 50 ஆயிரம். அட்டவணையைப் பார்த்திருந்தாலும் பயனில்லை. 12,450,000 என்பதில் முதல் கமாவுக்கு முன்னால் 12 நிற்கிறது. 12,45,000 என்று படித்துப் பழகிய கண் அங்கேயே நின்றுவிடும்.

இதை நான் பார்ப்பது முதல் முறை அல்ல. கோயில் திருப்பணிக் கணக்கு, பள்ளிப் பெற்றோர் சங்க அறிக்கை, கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை என்று எங்கும் இதே கதைதான். தயாரித்தவரைக் கேட்டால், "எக்செல் அப்படித்தான் காட்டுது" என்பார். எக்செல் அப்படிக் காட்டுவதற்குக் காரணம் அந்தக் கணினியின் அமைப்பு. அதை மாற்ற இரண்டு நிமிடம் போதும்.

விண்டோஸ் கணினியில் Windows விசையோடு R அழுத்தி, `intl.cpl` என்று தட்டுங்கள். திறக்கும் Region பெட்டியில் Additional settings, அதில் Numbers, அதில் Digit grouping. அந்தப் பட்டியலில் `12,34,56,789` என்பதைத் தேர்ந்தெடுத்து OK கொடுங்கள். அதன் பிறகு எக்செல்லில் வழக்கமான கமா வடிவம் போட்ட எல்லா எண்களும் லட்சம், கோடி முறையில் பிரிந்து நிற்கும். கழித்தல் குறி உள்ள எண்களும் சேர்த்துத்தான். ₹ குறியைச் சேர்த்தால் கமா தானாக மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாறாது. குறி வேறு, பிரிப்பு வேறு.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த அமைப்பு உங்கள் கணினியில்தான் இருக்கிறது, கோப்பில் இல்லை. உங்கள் திரையில் 1,24,50,000 என்று தெரிந்த அதே கோப்பு, அமைப்பு மாறாத இன்னொருவர் கணினியில் மறுபடி 12,450,000 ஆகிவிடும். எங்கள் புரொஜக்டரோடு இணைத்திருந்ததும் வேறொருவரின் மடிக்கணினிதான். ஆகவே கோப்பை அனுப்புவதாக இருந்தால், வடிவத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதிவையுங்கள். கலங்களைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்தி, Custom என்பதில் இதை ஒட்ட வேண்டும்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

எண் ஒரு கோடியோ அதற்கு மேலோ என்றால் முதல் பகுதி வேலை செய்யும். லட்சம் முதல் கோடிக்குள் என்றால் இரண்டாவது. மற்ற எல்லாம் மூன்றாவதற்குப் போகும். அந்த "மற்ற எல்லாம்" என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. எக்செல் இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் ஏற்காது. அதனால் கழித்தல் எண்கள் எவ்வளவு பெரியவையானாலும் மூன்றாவது பகுதியில் விழுந்து, கணினியின் பழைய முறையிலேயே தெரியும். பற்றாக்குறை காட்டும் அட்டவணை என்றால், பற்றாக்குறைக்குத் தனிப் பத்தி வைத்துக் கழித்தல் குறி இல்லாமல் எழுதுங்கள். அனுப்பும் முன் ஓர் ஓரத்தில் 12450000, 1245000, 99999, -1245000 என்ற நான்கையும் தட்டிப் பாருங்கள். எது பிசகுகிறது என்று உடனே தெரியும்.

கமாவைத் தாங்களே கையால் போட்டு, எண்ணை எழுத்தாக மாற்றிவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். எழுத்தாகிவிட்ட எண்ணை SUM கூட்டாது. பிழை என்று சொல்லவும் சொல்லாது. மொத்தம் சத்தமில்லாமல் குறைந்துவிடும். கலத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும் எண்ணைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

இனி சார்ட். எங்கள் கூட்டத்தில் நடந்த தவறு இதுதான்: அச்சின் Display units என்பதில் Millions தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அது காட்டிய அலகுக் குறிப்பு அழகாக இல்லை என்று அழித்துவிட்டார்கள். அதே பட்டியலில் 100000 என்றும் 10000000 என்றும் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அவைதான் லட்சமும் கோடியும். எண் அச்சின்மேல் வலது கிளிக் செய்து Format Axis போய், Display units-இல் 100000 தேர்ந்தெடுங்கள். Show display units label on chart என்ற பெட்டியில் டிக் இருக்கட்டும். சார்ட்டில் தோன்றும் அந்தக் குறிப்பைச் சொடுக்கி "ரூபாய் லட்சத்தில்" என்று மாற்றி எழுதுங்கள். அதே பலகையின் Number பகுதியில் Linked to source என்ற டிக்கை எடுத்துவிட்டு, வடிவம் `0.00` என்று கொடுங்கள். பட்டைத் தலையில் உள்ள எண்களுக்கும் Format Data Labels போய் இதே வடிவம் கொடுங்கள். எங்கள் மதிப்பீடு 124.50 என்று நிற்கும். கோடியில் காட்டினால் 1.245, இரண்டு தசமத்தில் அது 1.25 ஆகி, ஐம்பதாயிரம் ரூபாய் கூடிவிடும். இந்த அளவுத் தொகைக்கு லட்சமே சரி.

அலகுக் குறிப்பை அழிக்காதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், அதை அழிக்காதீர்கள்.

மில்லியனில் எழுதுவது சட்டப்படி தவறா என்று கேட்கிறார்கள். கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை லட்சம், மில்லியன் இரண்டையுமே அனுமதிக்கிறது. ஆனால் எடுத்துக்கொண்ட அலகையே நிதி அறிக்கை முழுவதும் ஒரே மாதிரி பயன்படுத்த வேண்டும் என்கிறது. காசோலையில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அது. பொதுக்குழு அட்டவணைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. ஆகவே தீர்மானத்தில் தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுவில் சண்டை போட்டுப் பயனில்லை. காட்டிய அட்டவணை, சார்ட் இரண்டின் நகலையும் இணைத்து, எந்த அலகு என்று குறிக்கப்படவில்லை என்பதைச் சொல்லி, செயலாளருக்குக் கடிதம் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். உங்கள் ஆட்சேபணையை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள். பதிவு பெற்ற சங்கம் பதில் தராவிட்டால், அதே கடித நகலோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். ஒப்புகை வாங்காத கடிதத்தை எந்த அலுவலகமும் மதிக்காது.

ஆசிரியரும் நானும் இன்னும் பதினோரு வீட்டாரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துக் கூட்டம் மறுபடி கூடியது. இம்முறை அட்டவணையில் ரூ.1,24,50,000 என்று இருந்தது. அதன் கீழே "ஒரு கோடியே இருபத்து நான்கு லட்சத்து ஐம்பதாயிரம்" என்று எழுத்தாலும், அடுத்த வரியில் "ஒரு வீட்டுக்கு ரூ.1,50,000" என்றும் எழுதியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்த கூட்டம் அன்று இரண்டு மணி நேரம் நடந்தது. லிஃப்ட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தார்கள்.