காதுக்குத் துணி, உச்சிக்குக் காற்று

ஊட்டியில் ஜனவரி மாதம் விடிவதற்குள் சேரிங் கிராஸிலிருந்து தொட்டபெட்டா ஜங்ஷனுக்கு சைக்கிள் மிதிக்கிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். கிளம்பும்போது தலையில் இருந்த குல்லா பாதி மேட்டில் சட்டைப் பைக்குப் போயிருக்கும். போட்டால் வேர்க்கிறது, கழற்றினால் காது விறைக்கிறது. மேலே போய்ச் சேர்ந்து திரும்பும்போது அதே ஈரக் குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு, பல் தந்தியடிக்க இறங்குவார்கள்.

இதில் குளிரைவிட ஈரத்துக்குத்தான் பங்கு அதிகம். கம்பளி உடம்பைச் சூடாக வைத்திருப்பது நூலால் அல்ல, நூலுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்றால். அந்த இடத்தில் வேர்வை நிறைந்துவிட்டால் கதை மாறிவிடும். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு, ஈரம் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய சூட்டையும் தலையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். எனவே நனைந்த குல்லா, தடிமனாக இருந்தும் பயனில்லை. தடிமன் கூடக்கூடத் தாங்குகிற தண்ணீரும் கூடும்.

காதையும் மண்டையையும் ஒன்றாக நினைப்பதால்தான் சிக்கல். காது மடல் என்பது குருத்தெலும்பின் மேல் மெல்லிய தோல், அவ்வளவுதான். கொழுப்பு அநேகமாகக் கிடையாது, சூட்டை உண்டாக்கத் தசையும் இல்லை. இரண்டு பக்கமும் காற்றுக்கு நீட்டிக்கொண்டு வேறு இருக்கிறது. மண்டையும் நெற்றியும் அப்படியல்ல. அங்கே ரத்த ஓட்டம் அதிகம், வேர்வைச் சுரப்பிகளும் நெருக்கம். மேட்டில் மிதிக்கிறவருக்கு மண்டை வேர்த்து வழியும் நேரத்திலேயே காது சில்லிட்டுக் கிடக்கலாம். மூட வேண்டியது காதை. திறந்துவிட வேண்டியது உச்சியை.

‘உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது’ என்று சொல்வார்கள். 1970இல் வந்த அமெரிக்க ராணுவக் கையேடு ஒன்று 40, 45 சதவீதம் என்று எழுதி வைத்ததில் பரவிய கணக்கு இது. உண்மையில் தலையின் பங்கு பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரை ஒன்றும் அந்த நம்பிக்கை தவறு என்று விளக்கியது. உடம்பு அசைந்துகொண்டிருக்கும்வரை உச்சியைக் கொஞ்ச நேரம் திறந்து வைப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. பனி தலையில் ‘இறங்கும்’ என்று பயந்து மார்கழியில் மெரினாவில் மங்கி குல்லாவோடு நடக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம், கேட்பார்கள் என்று உத்தரவாதமில்லை.

மங்கி குல்லாவை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் அது உட்கார்ந்திருப்பவரின் உடை. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக் நூலில் தடிமனாகப் பின்னியவை. அந்த நூல் தண்ணீரைக் குடிக்காது என்றாலும், பின்னலின் இடுக்குகளில் வேர்வை தேங்கி நிற்கும். காட்டன் குல்லா இன்னும் மோசம்: நூலே தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கும்.

ஓடுகிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் ஏற்றது காதுப் பட்டை. நெற்றியிலிருந்து பின்னந்தலைவரை சுற்றி வரும், உச்சி திறந்திருக்கும். வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. விளையாட்டுக்குப் போடும் பழைய பாலியெஸ்டர் டீ-ஷர்ட் ஒன்றை எடுங்கள். இழுத்தால் நீள்கிற பக்கம் தலையைச் சுற்றி வருகிற மாதிரி, தலைச் சுற்றளவைவிட ஐந்து, ஆறு சென்டிமீட்டர் குறைவான நீளத்தில், 20 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். அகலத்தை இரண்டாக மடித்துத் தைத்தால் 10 சென்டிமீட்டர் பட்டை கிடைக்கும். காது மடல் ஆறேழு சென்டிமீட்டர்தான் இருக்கும் என்பதால் நுனி முதல் தொங்கல்வரை மூடிவிடும். காது வரும் இடத்தில் மட்டும் உள்ளே ஃப்ளீஸ் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கலாம். நெற்றியில் வைக்கக் கூடாது, அங்கேதான் வேர்வை முதலில் துளிர்க்கும். தையல் பின்னந்தலையின் நடுவில் வரட்டும். காதுக்கு மேல் வந்தால் ஹெல்மெட் அழுத்தி வலிக்கும்.

துணி சரியா என்று பார்க்க, ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் அந்தத் துணி வேர்வையை உறிஞ்சி வெளியே தள்ளாது. சட்டென்று அகலமாகப் பரவி, கொஞ்ச நேரத்தில் உலர்ந்தால் நல்லது. பரவிய பிறகு ஈரமாகவே கிடந்தால் அது காட்டன் கலந்தது. பிறகு துணியை வாயில் வைத்து ஊதுங்கள், மூச்சு எளிதாக மறுபக்கம் போக வேண்டும். காசு செலவழிக்க முடிந்தவர்களுக்கு மெல்லிய மெரினோ கம்பளி உண்டு. தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை நூலுக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது.

முகத்தையும் மூடும் பலாக்ளவா எப்போது தேவை? இறக்கத்துக்கு. ஏறும்போது அதைப் போட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் வாய்ப்பக்கத்தில் படிந்து துணி சொதசொதவென்று ஆகிவிடும், மூக்குக் கண்ணாடியும் மங்கும். வாய்ப்பகுதியைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட முடிகிற மாதிரி இருப்பதை மட்டுமே வாங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். காலையில் 2 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மேட்டில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால், கனடாவில் பயன்படுத்தும் காற்றுக்குளிர் சூத்திரப்படி தோல் உணர்வது மைனஸ் 1 டிகிரி அளவு. இறக்கத்தில் வேகம் 40 ஆனால் அதுவே மைனஸ் 5. அதுவும் உலர்ந்த தோலுக்கான கணக்கு. ஈரத்தலைக்கு இன்னும் கடுமை. இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் போய்த் தங்கும். அதனால் மேட்டுச் சாலையைவிட தாழ்வான புல்வெளியில் உறைபனி அதிகம் இருக்கும். வேர்த்த தலையோடு இறங்குகிறவர் நேராக அந்தக் குளிருக்குள்தான் போகிறார்.

ஆகவே செய்ய வேண்டியது இது. கிளம்பும்போது பட்டை மட்டும் போதும். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிரத்தான் வேண்டும், குளிரவில்லை என்றால் அதிகமாகப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். நெற்றி ஈரமாகிறது என்று தெரிந்ததும், சொட்டும்வரை காத்திருக்காமல் பட்டையைக் கொஞ்சம் மேலே தள்ளி நெற்றியைத் திறந்துவிடுங்கள், காது மூடியே இருக்கட்டும். மேலே போய் நின்றதும் முதல் வேலையாகத் தலையைத் துடைத்து, ஈரப் பட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோன உலர்ந்த பலாக்ளவாவை மாட்டுங்கள். டீ அதற்கப்புறம். டீ குடித்து முடிப்பதற்குள் தலை ஆறிவிடும், ஆறிய தலையைத் திரும்பச் சூடாக்க இறக்கத்தில் வழியில்லை. காலுக்கு அங்கே வேலையே கிடையாது. காதின் மேல் துணி ஓரிரு அடுக்குக்கு மேல் வேண்டாம், வளைவில் வரும் பஸ்ஸின் ஹார்ன் கேட்க வேண்டும்.

துவைக்கும்போது வாசனைக்காகச் சேர்க்கும் துணி மென்மையூட்டியை இதற்கு ஊற்றாதீர்கள். அது நூலின் மேல் படலமாகப் படிந்து, வேர்வை பரவுவதைத் தடுத்துவிடும். துவைத்த பட்டை ஊட்டிக் குளிரில் ஒரே ராத்திரியில் காயாமல் போகலாம் என்பதால் அதே டீ-ஷர்ட்டில் இரண்டாகத் தைத்துக்கொள்வது நல்லது.