பேசிய மேனேஜர் போய்விட்டார், பேச்சு என்னவாகும்?

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா மகள் போன் செய்தாள். குரலில் பதற்றம். "சித்தி, என்னை இன்டர்வியூ பண்ணின மேனேஜர் கம்பெனியை விட்டுப் போயிட்டார். லிங்க்ட்இன்ல போட்டிருக்கார், நேத்துதான் கடைசி நாளாம்."

அவள் சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு ஆண்டாக டெஸ்டிங் வேலையில் இருந்தாள். இன்னொரு நிறுவனத்தில் டெஸ்ட் லீட் பணிக்கு மூன்று ரவுண்டு முடித்திருந்தாள். மூன்றாவதுதான் மேனேஜர் ரவுண்டு, அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டு, "என் பக்கம் ஓகே, அடுத்த வாரம் ஹெச்.ஆர். கூப்பிடுவாங்க" என்று சொல்லியிருக்கிறார். பதவி லீட் நிலையில்தான் இருக்கும், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். நான்கே நாளில் அவரே அங்கே இல்லை.

"ரெக்ரூட்டருக்கு எழுதலாமா? எழுதினா என்னன்னு எழுதறது?" என்றாள்.

ஆள் சேர்க்கும் பிரிவில் நான் பல ஆண்டுகள் இருந்தவள். இந்த நிலையில் சிக்கியவர்கள் எழுதிய கடிதங்கள் என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலானவை 'என் கதி என்ன' என்று பதறுபவை. அதைவிட அதிகம் பேர் எழுதவே மாட்டார்கள். தானாக அழைப்பு வரும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். எது எழுதவேண்டிய கடிதம் என்று தெரிய, மேனேஜர் போன பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ஒரு நிறுவனம் ஆள் எடுக்க முடிவு செய்தால், அந்தப் பணியிடத்துக்குச் செலவு ஒப்புதல் வாங்கி, ஓர் எண் கொடுத்து, கணினியில் பதிவு செய்வார்கள். பதவி நிலை, சம்பள வரம்பு, ஊர், பொறுப்பான மேனேஜர் பெயர் எல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். மேனேஜர் விலகினால் பணியிடம் தானாக ரத்தாகிவிடாது. பெயர் இருக்கும் இடத்தில் வேறொருவர் பெயரை மாற்றுவார்கள், பெரும்பாலும் அவருக்கு மேலே இருப்பவருடையதை. அந்தப் புதியவர் பதிவைத் திறந்து பார்த்து, இந்த ஆள் இப்போதே தேவையா, இதே நிலையில்தான் தேவையா என்று யோசிப்பார். பிறகு, இதுவரை பேசியவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பலருடைய வாய்ப்பு கைநழுவும். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும், பேசியவர் ஒரு மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். ஃபீட்பேக் என்பார்கள். அதே நாளில் நிரப்புகிறவர்களும் உண்டு, நான்கு முறை நினைவுபடுத்தினால்தான் நிரப்புகிறவர்களும் உண்டு. எழுதிவிட்டுப் போயிருந்தால் 'தேர்வு' என்ற சொல் அவர் போன பிறகும் அங்கேயே இருக்கும். எழுதாமல் போயிருந்தால், அந்த ஒரு மணி நேரப் பேச்சு நடந்ததற்கு காலண்டரில் ஒரு கட்டம் தவிர வேறு சாட்சி இல்லை. லீட் பதவி, இரண்டு நாள் வீட்டு வேலை என்று அவர் வாயால் சொன்னவையும் அப்படித்தான். எழுத்தில் ஏறாதது எல்லாம் அவருடனேயே கிளம்பிவிட்டது. ஆகவே கடிதத்துக்கு இரண்டு வேலை. எது பதிவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, இல்லாததைப் பதிவில் ஏற்றுவது.

அவர் ஏன் போனார் என்பதும் பணியிடத்தின் கதியை மாற்றும். தானாக ராஜினாமா செய்தவர் என்றால், நம் ஊர் ஐ.டி. நிறுவனங்களில் 60 நாளோ 90 நாளோ நோட்டீஸ் காலம் முடித்துவிட்டுத்தான் போவார்கள். நமக்குத் திடீர், நிறுவனத்துக்கு இரண்டு மாதமாகத் தெரிந்த செய்தி. வேலையைக் கைமாற்றுவதும் நடந்திருக்கும். ஆள் குறைப்பில் ஒரே நாளில் அனுப்பப்பட்டவர் என்றால், அந்தக் குழுவின் பணியிடங்களும் பெரும்பாலும் நிறுத்திவைக்கப்படும். ஆனால் இதை ரெக்ரூட்டரிடம் கேட்கக் கூடாது. சொல்ல அவருக்கு அனுமதி இல்லை, கேட்பவர்மீது அவருக்குத் தயக்கம்தான் வரும். கேட்கவும் தேவையில்லை. 'இப்போது யார் பொறுப்பு' என்று கேட்டு, பதிலில் ஒரு பெயர் வந்தால் பணியிடம் உயிரோடு இருக்கிறது. பெயரில்லாமல், 'முடிவானதும் சொல்கிறோம்' என்று வந்தால் அங்கே இன்னும் யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை.

அக்கா மகள் சனிக்கிழமை இரவே ஒரு கடிதம் எழுதி எனக்கு அனுப்பிவிட்டாள். அவர் விலகியது பெரிய அதிர்ச்சி என்று தொடங்கி, என்னைத் தேர்வு செய்துவிட்டதாக அவரே சொன்னார், அந்த வாக்கைக் காப்பாற்றுவீர்களா என்று முடிந்திருந்தது. அவள் மனம் எனக்குப் புரிந்தது. ஆனால் படிக்கும் ரெக்ரூட்டரால் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாது. வாய்மொழியைத் தானாக உறுதிசெய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. அதனால் ஒதுக்கிவைப்பார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பச் சொன்னேன். புதிய மின்னஞ்சலாக வேண்டாம், மேனேஜர் ரவுண்டுக்கு நேரம் குறித்து ரெக்ரூட்டர் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்குப் பதிலாகப் போகட்டும் என்றேன். எந்த நாளில் யாருடன் பேசினாள் என்பது கீழேயே இருக்கும். ரெக்ரூட்டர் அதை அப்படியே புதிய மேனேஜருக்கு அனுப்பிவிடலாம். தலைப்பில் பணியிட எண்ணையும் சேர்த்தோம்.

கடிதம் ஆங்கிலத்தில் போனது. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"வணக்கம். டெஸ்ட் லீட் பணிக்காகச் சென்ற செவ்வாயன்று மேனேஜர் ரவுண்டில் கலந்துகொண்டேன். அவர் நிறுவனத்திலிருந்து விலகியதை அவரது லிங்க்ட்இன் பதிவில் பார்த்தேன். இந்தப் பணியில் எனக்கு இருக்கும் விருப்பம் மாறவில்லை.

இந்தப் பணியிடத்தை இப்போது யார் கவனிக்கிறார்கள், செவ்வாயன்று நடந்த ரவுண்டின் மதிப்பீடு பதிவாகியிருக்கிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பதவி லீட் நிலை என்றும், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்றும் அன்றைய பேச்சில் புரிந்துகொண்டேன். இவை அப்படியே இருக்கின்றனவா என்று உறுதிசெய்ய வேண்டுகிறேன்.

புதிதாகப் பொறுப்பேற்றவர் என்னிடம் பேச விரும்பினால் புதன், வியாழன் மாலை 4 மணிக்கு மேல் எனக்கு வசதிப்படும். என் நோட்டீஸ் காலம் 60 நாள்."

'வாக்குக் கொடுத்தார்' என்பதை 'புரிந்துகொண்டேன்' என்று மாற்றியதுதான் நான் அதிகம் யோசித்துச் செய்த திருத்தம். போனவர் பொய் சொன்னார் என்றோ, இருப்பவர் கடன்பட்டிருக்கிறார் என்றோ அந்தச் சொல் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் என்ன பேசப்பட்டது என்பது தேதியோடு எழுத்தில் ஏறிவிட்டது. முதல் ரவுண்டு மட்டுமே முடிந்தவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிட வேண்டும். அந்தக் கட்டத்தில் நிபந்தனை பேசுவது போலத் தோன்றிவிடும். வேறு நிறுவனத்தின் ஆஃபர் கையில் இருந்து, அதற்குப் பதில் சொல்லக் கெடு இருந்தால் அந்தத் தேதியை ஒரே வரியில் சேர்க்கலாம், உண்மையான தேதியாக இருந்தால் மட்டும்.

போன மேனேஜருக்கே எழுதி, 'சார், என் ஃபீட்பேக் போட்டீங்களா' என்று கேட்கட்டுமா என்றும் அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். கடைசி நாளோடு அவருக்கு அந்தக் கணினிக்குள் நுழைய வழி இல்லை. உள்விவகாரம் பேசினால் சங்கடம் அவருக்குத்தான். நேரம் கொடுத்துப் பேசியதற்கு நன்றி, புதிய இடத்தில் நன்றாக இருங்கள் என்று இரண்டு வரி மட்டும் அனுப்பினாள்.

ரெக்ரூட்டர் நிறுவனத்தின் சொந்த ஆளா, கன்சல்டன்சிக்காரரா என்பதையும் கவனிக்க வேண்டும். கன்சல்டன்சிக்கு நாம் போய்ச் சேர்ந்தால்தான் கட்டணம். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது நம் நாட்டில் பழகிப்போன கணக்கு. அவருக்கும் இது முடிய வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆனால் நிறுவனத்தின் பதிவை அவரால் திறந்து பார்க்க முடியாது. அவரிடம் கேட்கும்போது, இந்த இரண்டு கேள்வியையும் நிறுவனத்தின் ஹெச்.ஆர். பக்கம் அனுப்பிப் பதில் வாங்கித் தரும்படி கேட்க வேண்டும். 'எல்லாம் ஓகேதான்' என்று போனில் சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐந்து வேலை நாளில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலின் கீழ் ஒரு வரி நினைவூட்டல். இன்னொரு வாரம் போனால் ஒரு போன். அதற்கு மேல் எழுதிப் பயனில்லை. ரத்தான பணியிடத்தை எந்தக் கடிதமும் திரும்பக் கொண்டுவராது. 'ஹோல்டில் இருக்கிறது' என்று பதில் வந்தால், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். தேதி சொன்னால் காத்திருக்கலாம், சொல்லாவிட்டால் வேறு இடம் தேட வேண்டியதுதான். டெக்னிக்கல் ரவுண்டை முதலிலிருந்து வைக்கிறோம் என்றால், தேவை மாறியிருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. பெரும்பாலும் முந்தைய ஃபீட்பேக் பதிவாகாமல் போயிருக்கும், அல்லது புதியவர் வேறு மாதிரி ஆளைத் தேடுவார்.

அவளுக்கு மறுநாளே பதில் வந்தது. மேனேஜருக்கு மேலே இருந்த பெண்மணி பொறுப்பேற்றிருக்கிறார், மதிப்பீடு பதிவாகியிருக்கிறது, வியாழக்கிழமை அரை மணி நேரம் பேச விரும்புகிறார் என்று இருந்தது. இரண்டு நாள் வீட்டு வேலை நிறுவனத்தின் பொது விதியாம், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய பதவி நிலை லீட் அல்ல, அதற்கு ஒரு படி கீழே சீனியர். போனவர் அதை உயர்த்தி வாங்கித் தரலாம் என்று நினைத்திருக்கிறார், அதற்கான ஒப்புதலை இன்னும் கேட்டிருக்கவில்லை.

"நல்லவேளை சித்தி, நான் இன்னும் பேப்பர் போடலை" என்றாள். மேனேஜர் 'என் பக்கம் ஓகே' என்ற அன்றே இங்கே ராஜினாமா கொடுத்துவிட்டு, 60 நாள் ஓட ஓட அங்கே யார் பொறுப்பு என்று தெரியாமல் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்திட்ட ஆஃபர் லெட்டர் வராமல் அதைச் செய்யவே கூடாது. ஆஃபர் வந்த பிறகு மேனேஜர் போனாலும் ஒரு கடிதம் தேவைதான். ஆஃபர் தருவது நிறுவனம், அந்த மனிதர் அல்ல. ஆனாலும் சேரும் நாளில் யாரிடம், எந்தக் குழுவில் போய் நிற்கவேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமைப் பேச்சில் பதவிப் பெயரை அவள் மறுபடி எடுத்தாள். இப்போதைக்கு மாற்ற முடியாது என்று அந்தப் பெண்மணி நேராகவே சொல்லிவிட்டார். அதற்குப் பதில் சீனியர் நிலைக்கான சம்பள வரம்பின் மேல் எல்லையைத் தர ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஒன்பதாவது நாள் ஆஃபர் லெட்டர் வந்தது. அவள் முதலில் பார்த்தது சம்பளத்தை அல்ல, 'ரிப்போர்டிங் மேனேஜர்' என்ற வரியை. அந்தப் பெண்மணியின் பெயர் இருந்தது. அன்று மாலை பேப்பர் போட்டாள்.