'ஹேஸ்' போடுவதா, 'ஹேவ்' போடுவதா?

'ஈச் ஆஃப் த ஸ்டூடண்ட்ஸ்' என்று எழுதியதும் பலருக்குக் கை நின்றுவிடும். அடுத்து வருவது 'ஹேஸ்' ஆ, 'ஹேவ்' ஆ? பக்கத்திலேயே 'ஸ்டூடண்ட்ஸ்' என்ற பன்மை நிற்பதால் 'ஹேவ்' என்றுதான் வாய்க்கு வரும். ஆனால் 'ஹேஸ்' என்பதே சரி. அங்கே எழுவாய் 'ஈச்'. 'ஆஃப் த ஸ்டூடண்ட்ஸ்' என்பது அதை விளக்க வந்த ஒட்டு. அந்த ஒட்டை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். மிஞ்சுவது 'ஈச் ஹேஸ்'. 'ஈதர்', 'நீதர்' இரண்டுக்கும் இதே சோதனை செல்லும்.

'ஈச்' இடம் மாறினால் கதையும் மாறும். 'த ஸ்டூடண்ட்ஸ் ஈச் ஹேவ் எ லாக்கர்' என்பதில் எழுவாய் 'ஸ்டூடண்ட்ஸ்'. அதனால் வினை பன்மை. 'எவ்ரி' எப்போதும் ஒருமைதான்: 'எவ்ரி பாய் அண்ட் கேர்ள் ஹேஸ் எ லாக்கர்'. நடுவே 'அண்ட்' வந்தாலும் அசையாது. 'போத்' எப்போதும் பன்மை.

விரல் சோதனை 'ஆல்' என்ற சொல்லிடம் பலிக்காது. அதற்குத் தனியாக எண் கிடையாது. பின்னால் வரும் பெயரைப் பார்த்துத்தான் வினை அமையும். எண்ண முடியாத பால் என்றால் 'ஆல் த மில்க் இஸ் கான்'. எண்ணக்கூடிய புத்தகங்கள் என்றால் 'ஆல் த புக்ஸ் ஆர் கான்'.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் 'நீதர்'. "என் மகன்கள் இருவருக்கும் ஹால் டிக்கெட் வரவில்லை" என்று ஒரு தந்தை பள்ளிக்கு எழுத வேண்டும். நாம் சொல்லும் முறையிலேயே 'போத் ஆஃப் மை சன்ஸ் ஹேவ் நாட் ரிசீவ்ட் த ஹால் டிக்கெட்' என்று எழுதினால், ஒருவனுக்காவது வந்துவிட்டதோ என்று படிப்பவர் குழம்பக்கூடும். 'இருவரில் ஒருவருக்கும் இல்லை' என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்வது 'நீதர்': 'நீதர் ஆஃப் மை சன்ஸ் ஹேஸ் ரிசீவ்ட் ஹிஸ் ஹால் டிக்கெட்'. இல்லை என்ற பொருள் 'நீதர்' உள்ளேயே இருப்பதால் 'நாட்' வரக்கூடாது. மறுபடி போட்டால் பொருள் கெடும். 'ஈதர்' போட்டு 'நாட்' சேர்த்து வாக்கியத்தைத் தொடங்குவதும் ஆங்கிலத்தில் வழக்கமில்லை.

பேச்சில் ஆங்கிலேயர்களே இங்கே 'ஹேவ்' என்பதுண்டு. 1980இல் முதலில் வெளிவந்த மைக்கேல் ஸ்வானின் 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' நூலும் பன்மையைப் பேச்சு வழக்காக ஏற்கிறது. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ஒருமையே பாதுகாப்பு.

அந்தத் தந்தைக்கு மூன்று மகன்கள் இருந்தால் 'நீதர்' உதவாது. அது இருவருக்கு மட்டும் உரியது. அப்போது அவர் எழுத வேண்டியது 'நன் ஆஃப் மை சன்ஸ்'.