மல் துணியில் ஆறு காஜா

அக்கினி நட்சத்திரத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு வெள்ளை மல்மல் சட்டை தைத்தேன். கழுத்தும் கையும் பாக்கெட்டும் சரியாகவே வந்தன. காஜாவில்தான் மானம் போயிற்று. முன்பட்டியில் ஆறு காஜா, ஆறும் ஆறு விதம். ஒன்றில் இடப்பக்கத் தையல் நெருக்கமாகவும் வலப்பக்கம் பல்லிளித்தபடியும் இருந்தது. ஒன்று வாழை நாரை முறுக்கியதுபோல் சுருங்கிக் கிடந்தது. பார்க்க ஓரளவு நன்றாக இருந்த மூன்றாவது, முதல் சலவையிலேயே பிசிறு தள்ளி, பொத்தானுக்குப் பதில் கட்டைவிரலே நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது.

“ஏம்மா, உன் மெஷின் பழுதா?” என்று கேட்டார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதே மெஷினில், அதே நூலில், மடித்த பாப்ளின் துண்டில் ஒரு காஜா போட்டுப் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் வந்தது. காஜா கோணலாக வரும் வீட்டில் முதலில் செய்ய வேண்டிய சோதனையும் இதுதான். கெட்டித் துணியிலும் அதே பக்கம் அதே மாதிரி இடைவெளி விட்டால் குறை மெஷினில் இருக்கிறது. கெட்டித் துணியில் ஒழுங்காகவும் மெல்லிய துணியில் மட்டும் கோணலாகவும் வந்தால் மெஷினில் எந்தத் திருகையும் தொடக் கூடாது.

பழைய தையற்கடைகளில் காஜா எடுக்கும் பையன் ஒருவன் இருப்பான். அவன் முதலில் துணியை வெட்டுவான், பிறகு வெட்டிய விளிம்பை நூலால் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டு மூடுவான். முடிச்சு விழுவது சரியாக விளிம்பின் மேலே. வீட்டு மெஷின் நேர்மாறானது. இடப்பக்கம் ஒரு கரை, வலப்பக்கம் ஒரு கரை என்று நெருக்கமான ஜிக்ஜாக் போட்டு, இரு முனையிலும் குறுக்கே கட்டுத் தையல் விடும். நடுவில் விட்ட சந்தை நாம் பின்னால் வெட்டுகிறோம். அதனால் மெஷின் காஜாவில் வெட்டு விளிம்பை மூடி முடிச்சு எதுவும் இல்லை. வெட்டுப்பட்ட இழைகளை அந்தக் கரையின் பிடிதான் காப்பாற்ற வேண்டும். கரை ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலம். பாப்ளினில் அந்த இடத்தில் இழைகள் நெருக்கியடித்து நிற்பதால் ஒன்று மற்றொன்றை நகர விடாது. மல்மல்லில் இழைக்கும் இழைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. வெட்டிய இழை வழுக்கி வெளியே வருவதில் வியப்பில்லை.

நான் செய்த முதல் தப்பு ஊசியில். மெஷினில் எப்போதும் கிடக்கும் 14-ம் நம்பர் ஊசியை மாற்றவே இல்லை. பாக்கெட்டில் அதை 90/14 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த 90 என்பது ஊசித் தண்டின் பருமன், அதாவது 0.9 மில்லிமீட்டர். இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடலாம். தையல் நீளத்தை 0.4-ல் வைத்தால் ஒவ்வொரு குத்துக்கும் துணி 0.4 மில்லிமீட்டர் நகரும். ஜிக்ஜாக் ஆகையால் ஊசி ஒரு முறை இடமும் மறுமுறை வலமும் குத்தும். ஆக ஒரே ஓரத்தில் அடுத்தடுத்த இரண்டு துளைகளுக்கு நடுத்தூரம் 0.8. ஊசியோ 0.9. துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன! தபால்தலை ஓரத்தில் கிழிப்பதற்காகத் துளை போடுகிறார்களே, அதைத்தான் நான் அப்பாவின் சட்டையில் போட்டிருக்கிறேன். கெட்டித் துணியில் இழைகள் ஊசிக்கு ஒதுங்கி, பிறகு திரும்பி வந்து துளையை மூடிக்கொள்ளும். மல்மல்லில் ஒதுங்கிய இழை ஒதுங்கினதுதான்.

ஊசியை 9-ம் நம்பராக மாற்றினால் பருமன் 0.65 ஆகிறது. தையல் நீளத்தையும் 0.4-லிருந்து 0.5-க்கு ஏற்றினால் துளைகளின் நடுத்தூரம் முழுசாக ஒரு மில்லிமீட்டர். இடையில் நிற்க இழைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. நெருக்கமாகத் தைத்தால் பிசிறு வராது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். மெல்லிய துணியில் நெருக்கம் கூடக் கூடக் கிழிசல்தான் கூடுகிறது. 9 கிடைக்காவிட்டால் 11-ம் நம்பர், அதாவது 0.75 பருமன், போதும். அதற்கு மேல் வேண்டாம். ஊசி புதிதாக இருக்கட்டும். முனை மழுங்கியது இழையை விலக்காமல் இழுத்துக்கொண்டே போகும்.

இனி கோணலுக்கு வருவோம். ஜிக்ஜாக் போடும் மெஷினில் ஊசித் தட்டின் துளை வட்டமாக இருக்காது, ஊசி இடமும் வலமும் ஆடுவதற்காக நீளவாக்கில் திறந்திருக்கும். ஊசி இறங்கும்போது மெல்லிய துணி அந்தக் குழிக்குள் கூடவே இறங்கிவிடுகிறது. மேலே வரும்போது நூல் இரண்டு பக்கமும் இழுக்க, துணி நடுவில் கூடாரம்போல் மடிகிறது. அடியில் இருக்கும் பல் அதைப் பிடித்துத் தள்ளப் பார்த்தாலும் ஒரு சமயம் பிடி கிடைக்கிறது, ஒரு சமயம் வழுக்குகிறது. போதாக்குறைக்கு, பெரும்பாலான வீட்டு மெஷின்களில் ஒரு கரை துணியை முன்னே தள்ளியும் மற்றது பின்னே இழுத்தும் தைக்கப்படுகிறது. பிடி தளர்ந்த துணி இரண்டு திசையிலும் ஒரே வேகத்தில் போகாது. ஒரு கரை நெருங்கி மற்றது இளிப்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு வழி, காஜா விழும் அந்த ஒரு இடத்தை மட்டும் கெட்டித் துணியாக நடிக்க வைப்பது. முன்பட்டியின் மடிப்புக்குள் மெல்லிய ஃபியூசிங் துண்டை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினேன். காலருக்கு வைக்கும் தடித்த கேன்வாஸ் கூடாது, அது மல்மல்லில் அட்டைபோல் நிற்கும். ஃபியூசிங்கை இழுத்துப் பார்த்து, எந்தப் பக்கம் இழுபடாதோ அந்தப் பக்கம் காஜாவின் நீளவாக்கில் வருமாறு வெட்ட வேண்டும். இது விறைப்புக்கு மட்டுமல்ல. அதன் பசை இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்வதால், வெட்டிய பிறகு அவை வழுக்கி வெளியே வருவதும் நிற்கிறது. கோணலுக்கும் பிசிறுக்கும் ஒரே மருந்து. ஃபியூசிங் வெளியே நிழலாகத் தெரியும் அளவுக்குத் துணி மெலிதென்றால், அதே துணியில் இன்னொரு அடுக்கோ ஒரு துண்டு பட்டு ஆர்கன்சாவோ உள்ளே வைக்கலாம். அப்போது பசையின் பிடி இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அடியில், துணிக்கும் பல்லுக்கும் நடுவே, ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பேப்பர் இருந்தால் துணி குழிக்குள் இறங்காது, பல்லுக்கும் சீரான பிடி கிடைக்கும். தைத்த பின் காஜாவின் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு பேப்பரை மெதுவாகக் கிழித்தால் வந்துவிடும். தண்ணீரில் கரையும் தாள் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது.

மேல் நூலின் டென்ஷனை வழக்கத்தைவிட ஒரு எண் தளர்த்தினேன். முடிச்சு அடிப்பக்கம் இறங்கி, மேலே கரை மழுமழுவென்று நின்றது. தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு முதல் நாலைந்து குத்துகளை விட வேண்டும். இல்லையென்றால் மெஷின் அவற்றைத் துணியோடு சேர்த்துக் குழிக்குள் இழுத்துக் கூடு கட்டிவிடும்.

இவ்வளவு செய்தும் ஒரு காஜா மட்டும் கோணியது. சட்டையின் அடிமடிப்பை ஒட்டிய கடைசிக் காஜா. அங்கே ஃபுட்டின் ஒரு பாதி நாலு அடுக்குத் துணி மேலும் மறுபாதி இரண்டு அடுக்கு மேலும் ஏறி நிற்கிறது. சாய்ந்த ஃபுட் எப்படி நேராகப் போகும்? தாழ்ந்த பக்கத்தின் கீழே அதே உயரத்துக்குத் துணியை மடித்து முட்டுக் கொடுத்தேன், சரியாயிற்று. அடிமடிப்பை மடிப்பதற்கு முன்பே காஜாவை முடித்துவிடுவது அதைவிடப் புத்திசாலித்தனம்.

பாப்ளினிலும் ஒரு பக்கம் இளித்தால் மட்டுமே மெஷினின் காஜா சமநிலைத் திருகைத் தொட வேண்டும். சில மெஷின்களில் அது தையல் நீளக் குமிழுக்கு அருகில் இருக்கும், எங்கே என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். கொஞ்சமே கொஞ்சம் திருப்பி, ஒவ்வொரு முறையும் துண்டுத் துணியில் போட்டுப் பாருங்கள்.

நீளத்துக்கு வழி, பொத்தானின் குறுக்களவோடு அதன் தடிப்பைக் கூட்டுவது. என் பொத்தான் 11 மில்லிமீட்டர், தடிப்பு இரண்டரை. பதினாலு வைத்தேன்.

பாதி காஜாக்கள் சாவது வெட்டும்போதுதான். தையல் பிரிப்பானை ஒரு முனையில் குத்தி ஒரே தள்ளாகத் தள்ளினால் அது எதிர்முனைக் கட்டையும் தாண்டி ஓடும். இரண்டு முனைக் கட்டுக்கும் உட்பக்கமாக ஒவ்வொரு குண்டூசியைக் குறுக்கே குத்திவைத்து, முனையிலிருந்து நடுவுக்கு ஒரு பாதி, மறுமுனையிலிருந்து நடுவுக்கு மறு பாதி என்று வெட்ட வேண்டும். அதற்கும் முன்னால், இரு கரைக்கும் நடுவே உள்ள சந்தில் பிசிறு தடுக்கும் திரவத்தை ஊசி முனையால் தொட்டு வைத்து, நன்றாகக் காய விட வேண்டும். வெட்டிவிட்டுத் தடவினால் பிசிறு அப்படியே விறைத்து முள்ளாய் நிற்கும். திரவம் சில துணிகளில் கறை விடும் என்பதால் துண்டில் சோதித்துவிடுவது நல்லது. வெட்டிய பின் வெள்ளை முடிபோல் நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஃபியூசிங்கின் நார், கூர் கத்தரியால் ஒட்ட நறுக்கினால் போயிற்று. வெட்டும்போது கரையின் நூலே அறுந்திருந்தால் அது வேறு சங்கதி, அந்த நூல் ஒவ்வொரு சலவைக்கும் கழன்றுகொண்டே போகும். வெட்டுவதற்கு முன் தப்பைக் கண்டால் அடிப்பக்கத்திலிருந்து பாபின் நூலை அறுத்துப் பிரித்துவிடலாம்.

அப்பாவின் பழைய சட்டையில் பிளந்த காஜாவைப் பிரிக்க வழியில்லை. உள்ளே சிறு ஃபியூசிங் துண்டை வைத்து, பிளவின் இரு விளிம்பையும் ஒட்டச் சேர்த்து இஸ்திரி போட்டேன். அதன் மேலேயே கொஞ்சம் அகலமான கரையோடு மறுபடி தைத்து வெட்டினேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது மட்டும் தடித்துத் தெரியும். கழுத்துப் பக்கம் என்றால் இப்படிச் செய்திருக்க மாட்டேன், அது நாலாவது காஜா. ஷிபான் மாதிரி ஃபியூசிங்கும் தாங்காத துணி என்றால் நான் மெஷினை மூடிவிட்டு நூல் வளையம் வைத்துவிடுவேன்.

புதுச் சட்டையில் ஆறும் ஒரே மாதிரி வந்திருக்கின்றன. நாலு சலவை ஆயிற்று. அப்பா இன்னும் பழையதைத்தான் போட்டுக்கொள்கிறார், அது உடம்புக்கு மெத்தென்று இருக்கிறதாம்.